எத்தனை நாள் ஆபீஸை மூடி வைக்க முடியும்?

சிறு நிறுவனங்களின் ஐ.டி. பட்ஜெட் தாளில் கம்ப்யூட்டர், பிரின்டர், இன்டர்நெட் ஆகிய வரிகளை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. வாங்கிய பொருள் மேஜை மேல் தெரியும். 'பேக்கப், செக்யூரிட்டி' என்ற வரிக்கு வரும்போதுதான் முதலாளியின் பேனா நிற்கும். "போன வருஷம் ஒண்ணும் ஆகலையே, இது எதுக்கு?" என்பார் அவர். "வைரஸ் வந்தா டேட்டா எல்லாம் போயிடும் சார்" என்பார் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் தம்பி. இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இந்தப் பேச்சை எத்தனை நேரம் பேசினாலும், கேட்ட தொகை அதிகமா குறைவா என்பது தெரியப்போவதில்லை.

அது தெரிய வேண்டுமானால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டரில் இருப்பது போய்விட்டால் எவ்வளவு நேரத்து வேலையை மறுபடி உட்கார்ந்து செய்ய நாம் தயார்? இரண்டு, எல்லாம் திரும்பி வரும் வரை எத்தனை நாள் வேலை நின்றால் தாங்குவோம்? இந்தப் பதில்கள் ஐ.டி. தம்பிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாடிக்கையாளர் எத்தனை நாள் பொறுப்பார், சம்பளம், வட்டி, கப்பல் தேதி எதில் எவ்வளவு இடிக்கும் என்பதெல்லாம் நிர்வாகத்துக்குத்தான் தெரியும். அதனால் இந்த இரண்டு எண்களையும் சொல்ல வேண்டியவர் முதலாளிதான். அவற்றை வைத்து விலை சொல்வது ஐ.டி. ஆளின் வேலை.

திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 15 கம்ப்யூட்டர்கள். உள் அறையில் சர்வர் என்று சொல்லப்படும் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதில் டேலி கணக்கு, பையர்கள் அனுப்பிய ஆர்டர் தாள்கள், டிசைன் கோப்புகள், சாம்பிள் படங்கள் என்று 400 ஜி.பி. இருக்கிறது. சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் 3,64,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 14,000 ரூபாய். ஆபீஸ் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தினமும் இந்தப் பணம் போகும். ஷிப்மென்ட் தவறினால் ஏற்படும் நஷ்டம் இதற்கு மேல். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் கேள்வியை இந்த ஆபீஸில் வைத்துப் பார்ப்போம். நாளுக்கு 70 வவுச்சர் பதிவாகிறது. பேக்கப் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை எடுக்கிறார்கள். வெள்ளி மாலை சர்வர் போனால் ஐந்து நாள் வேலை, அதாவது 350 வவுச்சர் காணாமல் போகும். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 23 மணி நேரம் தட்டச்சு வேலை. இது சின்ன விஷயம்தான். பில்கள் ஈ-மெயிலில் கிடைக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் கிடைக்கும். கிடைக்காதவைதான் தொல்லை. திங்கள் காலை சாய ஆலைக்கு எந்த லாட்டில் எத்தனை கிலோ துணி போனது, புதன்கிழமை எத்தனை கிலோ திரும்பி வந்தது, சலானில் எழுதியதற்கும் எடை போட்டதற்கும் எவ்வளவு வித்தியாசம் – இந்தக் கணக்கு இந்த ஆபீஸில் மட்டும்தான் இருந்தது. இனி அதைச் சாய ஆலைக்காரரிடமே கேட்டு, அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இந்த நிலைமையை நினைத்துப் பார்த்த பிறகு, "ஒரு நாள் வேலை போனால் சமாளிக்கலாம், ஒரு வாரம் போகக்கூடாது" என்று எந்த முதலாளியும் தெளிவாகச் சொல்லிவிடுவார். அது போதும். பேக்கப் தினமும் நடக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் இதில் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கணக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனிகள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிகள் சட்ட விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. ஆகவே கிளவுட் வாங்கும்போது டேட்டா எந்த நாட்டில் இருக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி பேக்கப் எங்கே இருக்கிறது என்ற விஷயம். இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது. பல ஆபீஸ்களில் சர்வரின் பின்பக்கத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். தினமும் இரவு அதில் பிரதி எடுக்கப்படும். டிஸ்க் கெட்டுப்போனால் இது காப்பாற்றும். ரான்சம்வேர் வந்தால் காப்பாற்றாது.

ரான்சம்வேர் என்பது கோப்புகளையெல்லாம் பூட்டுப்போட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் வேலை. நம் ஊர் ஆபீஸ்களுக்குள் அது நுழையும் வழிகளில் ஒன்று, முதலாளி வீட்டிலிருந்து டேலி பார்ப்பதற்காகத் திறந்துவிட்ட ரிமோட் டெஸ்க்டாப். 3389 என்ற எண்ணுள்ள கதவு இன்டர்நெட்டைப் பார்த்து நேராகத் திறந்திருக்கும். அந்தக் கதவைத் தேடி உலகம் முழுக்க இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. பாஸ்வேர்டு எளிதாக இருந்தால் ஒருநாள் திறந்துவிடும். உள்ளே வந்தவன் உடனே பூட்டுப் போடுவதில்லை. சர்வர் எது, அட்மின் பாஸ்வேர்டு எங்கே, பேக்கப் எங்கே போகிறது என்று முதலில் தேடுவான். சனிக்கிழமை இரவு எல்லாரும் போன பிறகு வேலையை ஆரம்பிப்பான். முதல் வேலையாக, விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிப்பான். அதற்கு ஒரே ஒரு வரிதான்:

```
vssadmin delete shadows /all /quiet
```

பிறகு சர்வரில் உள்ள கோப்புகள், அதோடு அதே சர்வருக்கு D, E, F என்று எழுத்து வடிவில் தெரிகிற எல்லா டிரைவ்களும் பூட்டப்படும். செருகியே கிடந்த அந்தப் பேக்கப் டிஸ்க்கும் அதில் ஒன்று. திங்கள் காலை வந்து பார்த்தால் கோப்புகளின் பெயருக்குப் பின்னால் தெரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மிரட்டல் கடிதம் இருக்கும். பேக்கப்புக்குச் செலவு செய்த ஆபீஸும் செய்யாத ஆபீஸும் அன்று ஒரே நிலைமையில் நிற்கும்.

ட்ராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அவை கண்ணாடி மாதிரி. இங்கே முகத்தில் மை பூசினால் அங்கேயும் மை தெரியும். சில நாள் பழைய வடிவங்களை அவை வைத்திருக்கும் என்பது ஓர் ஆறுதல், ஆனால் ஒரு நிறுவனத்தின் முழுக் கணக்கையும் அதை நம்பி விடக்கூடாது. 2017 ஜூன் 27 அன்று டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. உலகெங்கும் இருந்த அவர்களது முக்கிய சர்வர்கள் சுமார் 150-ம் ஒன்றையொன்று பார்த்து நகலெடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று போனால் மற்றது இருக்கும் என்பது திட்டம். நாட்பெட்யா என்ற நாசகாரப் புரோகிராம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழித்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில் இருந்த சர்வர். காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததால் பிழைத்தது. அங்கிருந்து இன்டர்நெட்டில் அனுப்ப வேகம் போதாமல், ஹார்ட் டிஸ்க்கை ஆள் வழியாக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் நிறுவனத்தை எழுப்பினார்கள். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று மெர்ஸ்க் சொன்னது.

அவர்களுக்குக் கரண்ட் கட் செய்ததை நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். நம் திருப்பூர் ஆபீஸுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது கழற்றி, முதலாளி வீட்டு பீரோவில் இருக்கட்டும். சனிக்கிழமை தோறும் மாற்றுங்கள். தினசரிப் பிரதி இரவில் கிளவுடுக்குப் போகட்டும். அந்தக் கிளவுடில் 30 நாளைக்கு யாராலும் அழிக்க முடியாத பூட்டு ஒன்றைப் போட்டு வைக்கும் வசதி உண்டு. நம் அட்மின் பாஸ்வேர்டு திருடனிடம் போனாலும் அந்த நாட்கள் முடியும் வரை அவனால் அழிக்க முடியாது. வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். 30 நாள் பிரதிகளுக்கு 30 மடங்கு இடம் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். முதல் பிரதி 400 ஜி.பி., அதன் பிறகு மாறியது மட்டும்தான் போகும். நாளுக்கு 2 ஜி.பி. என்றால் மாதத்துக்கு 60. மொத்தம் 460 ஜி.பி.தான்.

இரண்டாவது கேள்வி, எத்தனை நாள் மூடியிருக்கலாம் என்பது. இங்கே ஒரு சின்னக் கணக்கை மேலாளர்கள் கற்றுக்கொண்டால் விற்பனையாளர் சொல்வதைத் தாங்களே சரிபார்க்கலாம். ஜி.பி. அளவை 8,000-ஆல் பெருக்கி, இன்டர்நெட் வேகத்தால் வகுத்தால் விநாடி கிடைக்கும். 400 ஜி.பி.யை 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் இறக்கினால் 32,000 விநாடி, கிட்டத்தட்ட 9 மணி நேரம். அது தாளில். நடைமுறையில் முழு வேகம் கிடைக்காது. பாதி வேகம் என்றால் 18 மணி. முதன்முதலாக மேலே ஏற்றும்போது 20 எம்.பி.பி.எஸ். என்றால் 44 மணி. இரவில் 10 மணி நேரம் மட்டும் ஏற்றினால் ஐந்து இரவு ஆகும். அந்த ஐந்து நாளும் உங்களிடம் கிளவுட் பேக்கப் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

டேட்டா வந்து சேர்ந்தால் மட்டும் வேலை ஆரம்பித்துவிடாது. 15 கம்ப்யூட்டரையும் துடைத்து விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும். திருடன் எந்த வழியாக வந்தான் என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைக்க வேண்டும்; அடைக்காமல் திறந்தால் அடுத்த வாரமே மறுபடி வருவான். எல்லாம் சரியாக வைத்திருக்கும் ஆபீஸுக்கே மூன்று நாள் ஆகும் என்று எதிர்பார்ப்பதுதான் நேர்மை. நம் கணக்கில் 42,000 ரூபாய். தனியாக ஒரு பிரதி இல்லாத ஆபீஸுக்கு இந்த எண் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பணம் கட்டினால் சாவி வருமென்ற உறுதியும் இல்லை.

இப்போது விலைக்கு வரலாம். கீழே உள்ளவை கணக்குக் காட்ட வைத்த தோராய விலைகள். உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் 14,000. கிளவுட் இடமும் பேக்கப் மென்பொருளும் வருடத்துக்கு 18,000. ஆன்டிவைரஸ் கம்ப்யூட்டருக்கு 1,200 வீதம் 18,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பார்க்கும் வேலைக்கு 3,000 வீதம் 12,000. ஆக 62,000. இதற்கு மேல் 48,000 ரூபாய்க்கு 'நாஸ்' என்ற சேமிப்புப் பெட்டி ஒன்றையும் சேர்த்தால், முதல் ஆண்டுச் செலவு 1,10,000.

இந்த நாஸ் பெட்டி வேண்டுமா? ஐ.டி. தம்பி வேண்டும் என்பார். அது என்ன தரும் என்று பாருங்கள். பகலில் மணிக்கொரு முறை பிரதி எடுக்கும். சர்வர் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 400 ஜி.பி.யைத் திருப்பித் தரும். ஆகவே போகும் வேலை ஒரு நாளிலிருந்து ஒரு மணி நேரமாகக் குறையும். மீட்பு நேரத்தில் அரை நாளோ ஒரு நாளோ மிச்சமாகும். 'ஒரு நாள் வேலை போனால் சமாளிப்போம், மூன்று நாள் மூடினால் தாங்குவோம்' என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தால் இந்த ஆபீஸுக்கு இது தேவையில்லை. பெரிய மீட்பை வீட்டு பீரோவில் உள்ள டிஸ்க்கிலிருந்து செய்து, அந்த வாரத்து மாற்றங்களை மட்டும் கிளவுடிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு 500 பில் போடும் மொத்த வியாபாரி என்றால் கதை வேறு. அவருக்கு நாஸ் பெட்டி மலிவு. ஒரே பொருள் ஒருவருக்கு வீண் செலவாகவும் இன்னொருவருக்கு அவசியமாகவும் இருப்பது இப்படித்தான்.

மேலே சொன்ன வரிகளில் பட்ஜெட் குறைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த 12,000, மீட்டுப் பார்க்கும் செலவு. எந்தப் பொருளும் வருவதில்லை என்பதால் வெட்ட எளிது. என் கருத்தில் கடைசியாக வெட்ட வேண்டியது அதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இரவு நேரத்தில் களைத்திருந்த ஓர் எஞ்சினியர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடியில் நிறுத்திவிட்டார். அதற்குள் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. பேக்கப்பைத் தேடினார்கள். ஐந்து வகை ஏற்பாடு இருந்தது, எதுவுமே சரியாக ஓடியிருக்கவில்லை. தினசரிப் பேக்கப் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் ஈ-மெயில்களும் வந்து சேராமல் தடுக்கப்பட்டிருந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் அதே எஞ்சினியர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அதை நகலெடுக்கவே மெதுவான டிஸ்க்கில் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. மென்பொருளே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். நடந்ததை ஒளிக்காமல் முழுவதும் எழுதி வெளியிட்டதற்காக அவர்களை மதிக்கிறேன்.

மீட்டுப் பார்ப்பது என்றால் பேக்கப் திரையில் பச்சை டிக் வந்திருப்பதைப் பார்ப்பது அல்ல. நேற்றைய டேலி பேக்கப்பை, ஆபீஸ் வேலைக்குப் பயன்படாத வேறொரு கம்ப்யூட்டரில் மீட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி ஃபோல்டரின் மேலேயே மீட்டுவிட்டால் இன்றைய கணக்கு போய்விடும், அதனால் கம்ப்யூட்டர் வேறாக இருப்பது முக்கியம். திறந்ததும் அக்கவுன்டன்டைக் கூப்பிடுங்கள். கடைசி வவுச்சர் எண் நேற்று மாலை போட்டதுதானா, பேங்க் லெட்ஜரின் இருப்புத் தொகை பைசா வரை ஒத்துப்போகிறதா என்று அவர் பார்க்கட்டும். பழைய டிசைன் கோப்பு ஒன்றையும் திறந்து பார்க்கட்டும். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் அந்த நோட்டில்தான் இருக்கும்.

தினமும் பார்க்க வேண்டியது இன்னும் எளிது: நேற்றிரவு எத்தனை ஜி.பி. போனது என்ற ஓர் எண். வழக்கமாக 2 ஜி.பி. போகும் ஆபீஸில் திடீரென்று பூஜ்யம் என்றால் பேக்கப் நின்றுவிட்டது. திடீரென்று 180 ஜி.பி. என்றால் கோப்புகள் மொத்தமாக மாறிக்கொண்டிருக்கின்றன. யாரோ பூட்டுப் போடத் தொடங்கியிருக்கலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்புறம் விசாரிக்கலாம். இந்த எண்ணைப் பார்க்கக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். ரிசப்ஷனில் இருப்பவர் தினமும் காலையில் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

பணமே கேட்காத வேலைகளும் உண்டு. அந்த 3389 கதவை மூடிவிட்டு வி.பி.என். வழியாக மட்டும் உள்ளே வருவது, ஈ-மெயிலுக்கும் கிளவுடுக்கும் பாஸ்வேர்டோடு மொபைல் ஆப் குறியீட்டையும் கட்டாயமாக்குவது, அக்கவுன்டன்டின் கம்ப்யூட்டரில் அவருக்கு அட்மின் உரிமை கொடுக்காமல் இருப்பது – இவற்றுக்கு ஐ.டி. ஆளின் ஒரு நாள் வேலைதான் செலவு. ஏற்றுமதியாளர்களுக்கு இதில் ஈ-மெயில் மிக முக்கியம். மெயிலுக்குள் புகுந்த ஒருவன் பையருக்கு உங்கள் பெயரிலேயே எழுதி, 'பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று சொல்லி முழு இன்வாய்ஸ் பணத்தையும் திருப்பிவிடுவான். எந்தப் பேக்கப்பும் அந்தப் பணத்தைத் திருப்பித் தராது. அக்கவுன்ட் மாற்றம் எதுவானாலும் போனில் பேசி உறுதிசெய்த பிறகே செல்லும் என்று பையர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள்.

பேக்கப்புக்கு இன்னொரு எல்லையும் உண்டு. பூட்டுவதற்கு முன் கோப்புகளைத் திருடிக்கொண்டு, 'வெளியிட்டுவிடுவேன்' என்று மிரட்டுபவர்களிடம் அது உதவாது. ஊழியர்களின் ஆதார் நகல், பேங்க் விவரம் எல்லாம் அந்த சர்வரில் இருந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 நினைவில் இருக்கட்டும். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அதில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். வேண்டாத ஆதார் நகல்களை அழித்துவிடுவதும் ஒரு பாதுகாப்புதான், செலவில்லாதது.

தாக்குதல் நடந்துவிட்டால் செர்ட்-இன் அமைப்புக்கு, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு அதிகம். இந்த எண்ணையும், ஐ.டி. ஆளின் எண்ணையும், கிளவுட் நிறுவனத்தின் எண்ணையும் காகிதத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து தேட முடியாது.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஐ.டி. ஆளைக் கூப்பிட்டு, "பேக்கப் எடுக்கிறோமா?" என்று கேட்காதீர்கள். எடுக்கிறோம் என்றுதான் பதில் வரும். "கடைசியாக எந்தத் தேதியில் மீட்டுப் பார்த்தோம், எத்தனை மணி நேரம் ஆனது?" என்று கேளுங்கள். தேதி சொல்ல முடியவில்லை என்றால் அவரைக் கோபிக்க வேண்டாம். அந்த வேலைக்கு நாம் இதுவரை நேரமும் பணமும் ஒதுக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மதியத்தை அதற்கு ஒதுக்கிக் கொடுங்கள்.